அழிக்கும் முன் இரண்டாவது கையெழுத்து

2022 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி பகல் 1.08 மணிக்கு, ஆஸ்திரேலிய மென்பொருள் நிறுவனமான அட்லாசியனில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. 1.31க்கு ஓடி முடித்தது. அந்த 23 நிமிடங்களில் 883 தளங்கள் அழிந்தன. அவை 775 வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமானவை. ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ் என்ற பெயர்கள் சென்னை, கோவை ஐடி அலுவலகங்களில் தினமும் புழங்குபவை. யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், எந்தக் கோளாறு இன்னும் தீரவில்லை, எந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்று ஒரு நிறுவனத்தின் நினைவு முழுவதும் அவற்றில்தான் இருக்கும். அந்த நினைவு சிலருக்குச் சில நாட்களிலும், சிலருக்கு இரண்டு வாரம் கழித்தும் திரும்பி வந்தது. ஏப்ரல் 18ஆம் தேதிதான் கடைசி வாடிக்கையாளர் மீண்டார்.

இப்படி ஒரு செய்தி வந்தவுடன், “இவ்வளவு பெரிய வேலையை ஒரே ஆள் செய்ய விட்டார்களா, இன்னொருவர் பார்க்க வேண்டாமா?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால், இந்த விஷயத்தில் இன்னொருவர் பார்த்திருந்தார். நிறுவனத்தின் வழக்கப்படி அந்த ஸ்கிரிப்ட் சக பொறியாளர் பரிசீலனைக்குப் போய், ஒப்புதல் பெற்று, சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்க்கப்பட்ட பிறகுதான் உண்மையான சர்வர்களில் ஓடியது. அதே மாத இறுதியில் அட்லாசியன் வெளியிட்ட விரிவான அறிக்கை இதை ஒளிக்காமல் சொல்கிறது. அழிக்கும் வேலைக்கு இருவர் ஒப்புதல் வேண்டும் என்று நம்மில் பலர் பல வருடங்களாகச் சொல்லிவருகிறோம். அப்படிச் சொல்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த அறிக்கையைத்தான்.

நடந்தது இதுதான். அட்லாசியனிடம் ‘இன்சைட்’ என்றொரு தனிச் செயலி இருந்தது. அதன் வசதிகளை நிறுவனம் தன் இன்னொரு மென்பொருளுக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், பழைய தனிச் செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க முடிவானது. நீக்கச் சொன்னது ஒரு குழு. நீக்கும் ஸ்கிரிப்டை ஓட்டியது வேறொரு குழு. ஒவ்வொரு தளத்திலும் உள்ள அந்தச் செயலிக்கு ஓர் அடையாள எண் உண்டு. தளத்துக்கென்றும் தனியாக ஓர் அடையாள எண் உண்டு. முதல் குழு செயலிகளின் எண்களைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததோ தளங்களின் எண்கள்.

இங்கே இரண்டாவது தவறும் சேர்ந்துகொண்டது. அழிக்கும் வேலையைச் செய்கிற நிரல் வாயில் இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. செயலியின் எண்ணைக் கொடுத்தால் செயலியை அழிக்கும், தளத்தின் எண்ணைக் கொடுத்தால் தளத்தையே அழிக்கும். “நீங்கள் கொடுத்திருப்பது முழுத் தளத்தின் எண், தெரிந்துதான் கொடுத்தீர்களா?” என்று அது கேட்கவில்லை. வந்த எண் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது.

பரிசீலித்தவர் எதைப் பார்த்தார்? எந்த வாயிலை ஸ்கிரிப்ட் கூப்பிடுகிறது, எப்படிக் கூப்பிடுகிறது என்பதைப் பார்த்தார். அதில் பிழையில்லை. சோதனைச் சூழலில் ஓட்டினார்கள். ஆனால், அந்தத் தளங்களின் எண்களே சோதனைச் சூழலில் கிடையாது என்பதால் அங்கே எதுவும் தெரிய வழியில்லை. அதன் பிறகு உண்மையான சர்வர்களில் முதலில் 30 தளங்களில் மட்டும் ஓட்டினார்கள். அது ஒழுங்காக முடிந்தது. செயலி போனது, தளம் இருந்தது. காரணம், அந்த 30க்கான எண்கள் குழப்பம் நேர்வதற்கு முன்பே எடுக்கப்பட்ட சரியான எண்கள். அந்த வெற்றி கொடுத்த தைரியத்தில் அடுத்த பட்டியலை ஓட்டினார்கள். ஸ்கிரிப்ட் அதேதான். பட்டியல்தான் வேறு.

பரிசீலனை, சோதனை, சிறிய முன்னோட்டம் என்று பாடப்புத்தகம் சொல்கிற மூன்று காவல்களும் இருந்தன. மூன்றும் ஸ்கிரிப்டைத்தான் காவல் காத்தன. ஆபத்து பட்டியலில் இருந்தது. பட்டியலை எடுத்து, அதிலிருக்கும் ஓர் எண் எதைக் குறிக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு என்று எந்த விதியிலும் இல்லை. இருவர் ஒப்புதல் என்ற ஏற்பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கும்: இரண்டாவது ஆள் கட்டளையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது பாதி வேலைகூட ஆகாது. எது அழியப் போகிறதோ, அதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

வங்கிகளின் இரும்பு அறைக்கு இரண்டு சாவி இருப்பது நமக்குத் தெரியும். பணப்பெட்டி இரண்டு அதிகாரிகளின் கூட்டுப் பொறுப்பில் இருக்கும். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. ஆனால், அந்த ஏற்பாட்டின் பலம் இரண்டு சாவி என்பதோடு முடிவதில்லை. இரண்டாவது அதிகாரி அறைக்குள் போகிறார், கட்டுகளை எண்ணுகிறார், பதிவேட்டில் உள்ள தொகையோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுகிறார். தன் சாவியை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும் அதிகாரி இருந்தால், அந்த அறைக்கு உண்மையில் ஒரு சாவிதான். மென்பொருள் துறையில் நாம் வாங்கிவைத்திருக்கும் ஒப்புதல்களில் எத்தனை இப்படிக் கொடுத்தனுப்பிய சாவிகள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, அன்று அட்லாசியனில் ஒப்புதல் தர வேண்டியவர் முன் என்ன இருந்திருந்தால் விபத்து தடுக்கப்பட்டிருக்கும்? பலரும் உடனே சொல்வது எண்ணிக்கை. “எத்தனை அழியும் என்று கேட்பவர் முதலிலேயே சொல்ல வேண்டும், கருவி எண்ணிப் பார்த்து இரண்டும் பொருந்தினால்தான் ஓட வேண்டும்.” நல்ல ஏற்பாடுதான். வாடிக்கையாளர் பதிவுகளை அழிக்கும்போது நிபந்தனையை எழுத மறந்து முழு அட்டவணையும் போகிற வழக்கமான விபத்தை அது பிடித்துவிடும். 40 பதிவுகள் போகும் என்று நினைத்தவருக்குத் திரையில் 40 லட்சம் என்று வந்தால் கை நின்றுவிடும். ஆனால், அட்லாசியன் விஷயத்தில் இது உதவியிருக்காது. 883 என்று நினைத்தார்கள், 883தான் அழிந்தன. எண்ணிக்கை அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

உதவியிருக்கக்கூடியது பொருளின் வகையும் பெயரும்தான். எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட அடையாளக் குறிகளை மனிதக் கண் வேறுபடுத்தாது. செயலியின் குறியும் தளத்தின் குறியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே, ஒப்புதல் திரை அந்தக் குறிகளைக் காட்டக் கூடாது. கருவியே ஒவ்வொரு குறியையும் தேடி, மனிதருக்குப் புரியும் வாக்கியமாக மாற்றிக் காட்ட வேண்டும்: “அழிக்கப்படும் பொருள்: வாடிக்கையாளர் தளம், முழுமையாக. எண்ணிக்கை: 883. இவற்றில் உள்ளவை: ஜிரா, கன்ஃப்ளூயன்ஸ். கடந்த ஒரு மணி நேரத்தில் இவற்றில் வேலை செய்தவர்கள்: இத்தனை பேர். அழித்த பின் மீட்க முடியுமா: முடியாது.” இந்த ஐந்து வரிகளைப் படித்த எந்தப் பொறியாளரும் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார். அவர் திறமைசாலியாக இருக்க வேண்டியதில்லை, அசாதாரண விழிப்போடும் இருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அவர் கண் முன்னால் இருந்தால் போதும்.

அதில் ‘கடந்த ஒரு மணி நேரத்தில் வேலை செய்தவர்கள்’ என்ற வரியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தரவுத்தளமோ, சேமிப்புக் கிடங்கோ, வாடிக்கையாளர் கணக்கோ, அழிக்கத் தகுந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அதை இனி யாரும் பயன்படுத்தவில்லை என்றுதான் மறைமுகமாகச் சொல்கிறார். அந்தக் கூற்றைக் கருவியால் சரிபார்க்க முடியும். கடைசியாக எப்போது படிக்கப்பட்டது, எப்போது எழுதப்பட்டது, இப்போது எத்தனை இணைப்புகள் திறந்திருக்கின்றன என்பதெல்லாம் பல தரவுத்தள மென்பொருள்களில் கேட்டால் கிடைக்கும் விவரங்கள். ஒப்புதல் கேட்பவரின் வார்த்தையை மட்டும் நம்பாமல், அழியப்போகும் பொருளையே சாட்சிக்கு அழைக்கிற வழி இது.

அடுத்தது, ஒப்புதல் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது. முதல் 30க்குப் பிறகு பட்டியல் மாறியபோது, பழைய ஒப்புதல் காலாவதியாகியிருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த நிரலில் அதன் பிறகு ஒரு வரி மாறினாலும் பழைய ஒப்புதலைத் தானாகவே ரத்து செய்யும் வசதி கிட்ஹப்பில் இருக்கிறது. அதே ஒழுங்கு அழிக்க வேண்டியவற்றின் பட்டியலுக்கும் வேண்டும். ஒப்புதல் இந்த ஸ்கிரிப்டுக்கு, இந்தப் பட்டியலுக்கு, இன்று மாலைக்குள் ஒரே ஒரு முறை ஓட்டுவதற்கு என்று இருக்க வேண்டும். ஒரு பெயர் கூடினாலோ குறைந்தாலோ, நாளை ஆனாலோ, மறுபடியும் கேட்க வேண்டும்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். 23 நிமிடங்களில் 883 தளங்கள் என்றால், கிட்டத்தட்ட ஒன்றரை விநாடிக்கு ஒன்று. முதல் வாடிக்கையாளரின் புகார் 1.16க்கே வந்துவிட்டது, அதாவது தொடங்கி எட்டாவது நிமிடத்தில். அப்போது பட்டியலில் மூன்றில் இரண்டு பங்கு பாக்கி இருந்திருக்க வேண்டும். ஆனால், நிறுவனத்துக்குள் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. தளங்கள் முறையான வழியில் நீக்கப்பட்டதால், கண்காணிப்புக் கருவிகளுக்கு அது கோளாறாகவே தெரியவில்லை. 1.47க்குத்தான் பெரிய விபத்து என்று அறிவித்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பத்துத் தளங்களை அழித்துவிட்டு அரை மணி நேரம் நின்று, இரண்டாவது ஆள் அந்தப் பத்தையும் திறந்து பார்த்து ‘தொடரலாம்’ என்ற பிறகு அடுத்த பத்துக்குப் போயிருந்தால் சேதம் பத்தோடு நின்றிருக்கும். இருவர் ஒப்புதல் என்பதைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை வாங்கிவைக்கும் சீட்டாக நினைப்பதால்தான் இது தோன்றுவதில்லை.

இந்த விபத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. தளத்தோடு சேர்ந்து, அந்த வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ளத் தேவையான விவரங்களும் அழிந்தன. உதவி கேட்டுப் புகார் பதியத் தளத்தின் முகவரி வேண்டும். அந்தத் தளம்தான் இல்லையே. ஆகவே பாதிக்கப்பட்ட பலரால் வழக்கமான வழியில் புகார் தர முடியவில்லை, நிறுவனத்தாலும் அவர்களை உடனே தேடிப் பிடிக்க முடியவில்லை. பேக்கப் இருந்தது. நல்ல பேக்கப் என்றே சொல்ல வேண்டும்; கடைசிச் சில நிமிடங்கள் தவிர எதுவும் இழக்கப்படவில்லை. ஆனால், பல வாடிக்கையாளர்களின் தரவு ஒரே தரவுத்தளத்தில் கலந்திருக்கும்போது, மொத்தத்தையும் பழைய நேரத்துக்குத் திருப்பினால் பாதிக்கப்படாத மற்றவர்களின் அன்றைய வேலை போய்விடும். அழிந்தவர்களின் பங்கை மட்டும் பிரித்தெடுத்து ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டுவதற்கு முதலில் சுமார் 70 படிகள் தேவைப்பட்டன. பிறகு முறையை மாற்றி அதை 30 அளவுக்குக் குறைத்தார்கள். இரண்டு வாரம் பிடித்ததன் காரணம் இதுதான். ‘பேக்கப் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரண்டாவது கையெழுத்தை அலட்சியமாகப் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒப்புதல் திரையே வராத விபத்து வேறு வகை. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது அப்படிப்பட்டது. தரவுத்தளத்தின் முதன்மை சர்வர் ஒன்று, அதன் நகலைத் தாங்கும் துணை சர்வர் ஒன்று. அன்று மாலை முதல் சுமை கூடி, துணை சர்வர் பின்தங்கிப்போய் நகலெடுப்பதே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து நகலெடுக்க, துணை சர்வரில் தரவு அடைவு காலியாக இருக்க வேண்டும். நகலெடுக்கும் கட்டளை எந்தச் செய்தியும் காட்டாமல் நின்றுகொண்டே இருந்தது. வேலை முடித்துக் கிளம்ப வேண்டிய நேரம் கடந்தும் ஒரு பொறியாளர் அதோடு போராடிக்கொண்டிருந்தார். அடைவு சரியாகக் காலியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதைத் துடைக்க `rm -rf` கட்டளையைத் தட்டினார். துணை சர்வர் `db2`. அவர் கட்டளை தட்டிய திரை `db1`, அதாவது முதன்மை சர்வர். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய், 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தது.

தினசரி பேக்கப்பைத் தேடியபோது கிடங்கு காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால், அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அஞ்சல் சரிபார்ப்பில் தட்டுப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. அதே பொறியாளர் சோதனை வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதிதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு, அதாவது சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும், திரும்பவில்லை.

அந்தப் பொறியாளரின் மனதில் அப்போது என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘உற்பத்தித் தரவுத்தளத்தை அழிக்கப் போகிறேன்’ என்று அவர் நினைக்கவே இல்லை. பயனற்ற, காலியாக இருக்க வேண்டிய ஓர் அடைவைச் சுத்தம் செய்வதாகத்தான் நினைத்தார். “அழிவு வேலைகளுக்கு இருவர் ஒப்புதல் பெற வேண்டும்” என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும், அவர் அதைத் தனக்குரிய விதியாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். விதி எப்போது பொருந்தும் என்பதைச் செய்பவரின் நம்பிக்கையிடம் விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இது முதன்மை சர்வர், இங்கே எந்த நீக்கத்துக்கும் இன்னொருவர் வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியது அந்த சர்வர்தான்.

அதனால் இருவர் ஒப்புதலை ஒரு படிவமாக வைத்துப் பயனில்லை. அது அதிகாரத்திலேயே இருக்க வேண்டும். எல்லா உரிமையும் உள்ள பாஸ்வேர்டு ஒருவர் கையில் நிரந்தரமாக இருந்தால், படிவம் என்ன சொன்னாலும் அவர் விரல் சொல்வதே நடக்கும். அழிக்கும் உரிமையை யாருக்கும் நிரந்தரமாகத் தராமல், இரண்டாவது ஆள் ஒப்புக்கொண்ட பிறகு, குறிப்பிட்ட சர்வரின் பெயரோடு, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தருகிற முறை இன்று பெரிய மேகச் சேவைகள் எல்லாவற்றிலும் சாத்தியம். சர்வரின் பெயரைச் சொல்லித்தான் உரிமை கேட்க வேண்டும் என்பதிலேயே பாதிப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. `db2`க்கு உரிமை வாங்கியவர் `db1`இல் தட்டினால், கட்டளை ‘அனுமதி இல்லை’ என்று நின்றுபோகும். கூடவே ஒரு பழைய கைப்பழக்கமும் சொல்லத் தக்கது. வட்டில் இடமிருந்தால் அடைவைத் துடைக்காமல் பெயரை மாற்றிவைப்பது:

```
mv data data.old
```

சர்வர் மாறிப்போய் இதைத் தட்டியிருந்தாலும் சேவைதான் தடைப்பட்டிருக்கலாம். பெயரைத் திரும்ப மாற்றினால் தரவு அங்கேயே இருந்திருக்கும். நான்கு நாள் கழித்து, ஒப்புதலோடு, நிதானமாகத் துடைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் இரண்டு கையெழுத்து கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஒரு நாளைக்கு முப்பது ஒப்புதல் கேட்டால், மூன்றாம் நாளிலிருந்து யாரும் படிக்க மாட்டார்கள். அரட்டைக் குழுவில் “ஒரு அப்ரூவல் போடுங்க ப்ரோ” என்று ஒரு செய்தி, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். இது நோயா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. கடந்த ஆறு மாத ஒப்புதல் பதிவுகளை எடுத்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? எத்தனை கோரிக்கைகள் மறுக்கப்பட்டன, அல்லது கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்டன? பெரும்பாலான ஒப்புதல்கள் ஒரு நிமிடத்துக்குள் வந்திருந்து, மறுப்பு ஒன்றுகூட இல்லையென்றால், அந்த நிறுவனத்தில் இருவர் ஒப்புதல் நடைமுறையில் இல்லை. தணிக்கைக்குக் காட்டும் காகிதம் மட்டும் இருக்கிறது.

நம் ஊர் அலுவலகங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு வங்கியின், மருத்துவமனையின், சில்லறை விற்பனைத் தொடரின் தரவுத்தளங்களை நம் ஊர்ப் பிள்ளைகள் இரவுப் பணியில் உட்கார்ந்து பராமரிக்கிறார்கள். ஒப்புதல் கேட்பவர் டீம் லீட், தர வேண்டியவர் சேர்ந்து எட்டு மாதமான பெண் என்றால், “சார் கேட்கிறார்” என்பதே அங்கே பரிசீலனை ஆகிவிடுகிறது. மறுத்தால் வருடாந்திர மதிப்பீட்டில் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. இதைப் பயிற்சி வகுப்பு நடத்தித் தீர்க்க முடியாது. ஒப்புதல் தருபவர் கேட்பவருக்குக் கீழே வேலை செய்யக் கூடாது. முடிந்தால் அதே குழுவிலும் இருக்கக் கூடாது. அந்தத் தரவு யாருடைய பொறுப்போ அவர் தரப்பிலிருந்து இரண்டாவது ஆள் வர வேண்டும். அட்லாசியனில் நீக்கச் சொன்ன குழுவைச் சேர்ந்த ஒருவர், ஓட்டுவதற்கு முன் திரையைப் பார்த்து “இதையா நாங்கள் நீக்கச் சொன்னோம்?” என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

“அவசரத்தில் இதெல்லாம் சரிவருமா?” என்பார்கள். நள்ளிரவில் வட்டு நிரம்பி சேவை நிற்கிறது, இரண்டாவது ஆள் தொலைபேசியை எடுக்கவில்லை, என்ன செய்வது? அதற்கென்று அவசர வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஒருவரே திறக்கலாம், ஆனால் திறந்த கணமே மேலாளரிலிருந்து பாதுகாப்புக் குழு வரை எல்லோருடைய தொலைபேசியும் அலற வேண்டும், மறுநாள் காலை காரணம் எழுத வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம்: சேவையை நிறுத்துவது, வேறு சர்வருக்கு மாற்றுவது, வட்டைப் பெரிதாக்குவது ஆகியவை அவசரமாகத் தேவைப்படும். திரும்ப முடியாத அழிப்பு அநேகமாக எப்போதும் காலை வரை காத்திருக்கும்.

எதற்கு முதலில் இரண்டாவது பூட்டைப் போடுவது என்று கேட்டால், தரவுத்தளத்துக்கு முன்பே பேக்கப்புக்குப் போடுங்கள் என்பேன். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் மேகக் கணக்குக்குள் மிரட்டிப் பணம் பறிக்க ஒருவன் நுழைந்தான். நிறுவனம் கணக்கை மீட்க முயல்வதைப் பார்த்ததும், சர்வர்களோடு பேக்கப்களையும் வரிசையாக அழித்தான். எல்லாம் ஒரே கணக்கின் கீழ், ஒரே அதிகாரத்தில் இருந்தன. அந்த நிறுவனம் அதோடு மூடப்பட்டது. திருடு போவது பெரும்பாலும் ஒருவரின் சாவிதான். பேக்கப்பை அழிக்கவும், அதன் பாதுகாப்புக் காலத்தைக் குறைக்கவும் வேறொரு குழுவிலிருந்து இன்னொருவர் வேண்டும் என்றிருந்தால் திருடிய ஒரு சாவி போதாது. மைக்ரோசாஃப்ட் அஸூரில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பேக்கப் நிர்வாகி ஒருவர். பேக்கப்பின் பாதுகாப்பைத் தளர்த்த அனுமதிக்கும் காவல் வேறொருவர் கையில், வேறு கணக்கில். ஆனால், அதை இயக்கிவைக்க வேண்டும். இயக்கினாலும் இரண்டு பொறுப்பையும் ஒரே ஆளிடம் தந்தால் பயனில்லை.

இந்த ஏற்பாடு எட்டாத இடமும் உண்டு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் தனி மேகம் கூகுளில் அழிந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்குச் சேவை நின்றது. அன்று யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. முன்பு அந்த மேகத்தை அமைத்தபோது கூகுளின் ஊழியர்கள் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால், அதற்கு ஓராண்டு ஆயுள் என்று கருவி எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் தானாகவே அழித்தது. இப்படிக் காலம் குறித்து ஓடும் அழிப்புகளில் இரண்டாவது ஆளை எங்கே நிறுத்துவது? நாள் குறிக்கும்போதும், அந்த நாள் வருவதற்கு முன்பும் என்று இரண்டு இடத்திலும் நிறுத்த வேண்டும். நெருங்கும்போது உரியவரிடம் கேட்காமல் எந்தக் கருவியும் நிரந்தரமாக அழிக்கக் கூடாது.

அழிக்காமலே வைத்திருந்தால் என்ன என்றும் இனிக் கேட்க முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தங்கள் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. நம் நிறுவனங்கள் இனி நிறைய அழிக்க வேண்டிவரும். கோரிக்கைகள் குவியும்போது ஸ்கிரிப்ட் எழுதித்தான் அழிப்பார்கள். தவறான நபரின் பதிவை அழித்துவிட்டால், சட்டத்தைக் கடைப்பிடிக்கப் போய் இன்னொருவருக்கு அநீதி செய்ததாக ஆகிவிடும். கோரிக்கையைப் பெற்ற வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒருவர், பெயரையும் கணக்கையும் திரையில் ஒப்பிட்டு ஒப்புதல் தந்த பிறகு, முதலில் மறைத்துவைத்து, சில நாள் பொறுத்து நிரந்தரமாக அழிப்பதே சரியான வரிசை.

நிலப் பதிவேடு, குடும்ப அட்டை, மாணவர் மதிப்பெண் என்று அரசுத் தரவுத்தளங்களை ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைக்கும்போது, எத்தனை சர்வர், எத்தனை மணி நேரச் சேவை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவற்றோடு இவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்: தரவுத்தளத்தையும் அதன் பேக்கப்பையும் அழிக்கும் உரிமை ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, பேக்கப்பை அழிப்பதற்கான இரண்டாவது ஒப்புதல் ஒப்பந்ததாரரின் ஊழியரிடம் இல்லாமல் துறை அதிகாரியிடம் இருக்க வேண்டும், அவர் ஒப்புதல் தரும் திரையில் அழியப்போகும் பதிவுகளின் பெயர்களும், அவை கடைசியாகப் பயன்பட்ட நேரமும் தமிழில் தெரிய வேண்டும், ஒப்புதல் கேட்ட நேரமும் தந்த நேரமும் அடங்கிய பதிவு, ஒப்பந்ததாரர் திருத்த முடியாத இடத்தில் இருக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தில் இதற்கு அரைப் பக்கம் போதும். அடுத்த டெண்டரிலேயே சேர்க்கலாம்.